காய்ப்பேறிய விரலும் கண்ணாடித் திரையும்: தொடுதிரையா, கேம்பேடா?

ராமேசுவரத்துக்கு அருகில் உள்ள மண்டபம் ஊரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஒரே கேள்வி பலரிடமிருந்து வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அவற்றில் வேலை செய்யும் இளைஞர்களுக்குக் கையில் நேரம் இருக்கிறது. வேகமான சண்டை விளையாட்டுகள் கைப்பேசியில் இருக்கின்றன. "அண்ணே, டச்சே போதுமா, இல்ல புளூடூத் கேம்பேட் வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். வருமானம் இல்லாத இரண்டு மாதத்தில் பட்டன்களும் ஸ்டிக்கும் உள்ள கைக்கருவியான கேம்பேடுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது சிறிய முடிவு அல்ல என்பதால், கடை வாசலில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் தம்பியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அவன் மூன்று ஆண்டுகளாக விசைப்படகில் போகிறான். வலையும் கயிறும் இழுத்து அவன் உள்ளங்கையிலும் இரண்டு கட்டைவிரல் நுனிகளிலும் காய்ப்பு ஏறியிருக்கிறது. சென்ற தடைக்காலத்தில் டெட் செல்ஸ் விளையாட்டை வாங்கினான். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் இணையம் இல்லாமலும் ஆடலாம் என்பதால் அவனுக்கு அது பிடித்திருந்தது. குதிப்பது, உருண்டு தப்பிப்பது, இரண்டு ஆயுதங்கள், இரண்டு துணைக் கருவிகள், மருந்து என்று ஏழு பட்டன்களை வலது கட்டைவிரல் ஒன்றே பார்த்துக்கொள்ள வேண்டிய விளையாட்டு அது. எதிரி வாளை ஓங்கும் அந்தக் கணத்தில் உருளவில்லை என்றால் அடி விழும். உயிர் முழுவதும் போய்விட்டால் ஆட்டத்தை முதலிலிருந்தே தொடங்க வேண்டும். "நான் அழுத்துறேன்ணே, அது உருள மாட்டேங்குது" என்று நாள்தோறும் புலம்பினான். அவன் தாமதமாக அழுத்துகிறான் என்றே நான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தது என் தவறு.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதைக் கண்ணால் பார்த்துவிட வழி இருக்கிறது. About phone பகுதியில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும்; அதற்குள் Pointer location என்பதை இயக்கினால், விரல் போகும் பாதை திரையில் கோடாக விழும். மேல் ஓரத்தில் P என்ற எழுத்துக்குப் பக்கத்தில், எத்தனை விரல்கள் பட்டிருக்கின்றன என்ற எண்ணிக்கையும் தெரியும். என் விரலை இழுத்தபோது கோடு அறுபடாமல் வந்தது. தம்பி இடது கட்டைவிரலை அதே இடத்தில் இழுத்தபோது, இற்றுப்போன நூலைப் போல நான்கு இடங்களில் அறுந்து அறுந்து விழுந்தது. வலது கட்டைவிரலால் இருபது முறை தட்டச் சொன்னேன். அவற்றில் மூன்று தட்டல்களைத் திரை பதிவே செய்யவில்லை. அன்று மாலை புழுக்கத்தில் கை வியர்த்தபின் மறுபடியும் பார்த்தோம். இப்போது கோடு அறுபடவில்லை. ஆனால் இரண்டு விரல்களை மட்டும் வைத்திருந்தபோது திரை சில நேரம் மூன்று என்று காட்டியது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நம் கைப்பேசித் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் அருகே வரும்போது கண்ணாடிக்கு அடியில் உள்ள நுண்ணிய மின்தேக்கத்தில் ஏற்படும் மாற்றத்தையே அது அளக்கிறது. காய்ப்பு ஏறிய உலர்ந்த தோல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதோடு, ஈரமுள்ள சதையைக் கண்ணாடியிலிருந்து சற்றே விலக்கியும் வைக்கிறது. அதனால் சமிக்ஞை பலவீனமாகிறது. உப்புக் கலந்த வியர்வையோ நன்றாகவே கடத்துகிறது. கண்ணாடியில் பரவிய ஈரத்தைத் திரை இன்னொரு விரல் என்று எடுத்துக்கொள்கிறது. கடற்காற்று அடிக்கும் ஊரில் கண்ணாடியின் மேல் மெல்லிய உப்புப் படலம் எப்போதும் இருக்கும் என்பதை என் கடைக்கு வரும் கைப்பேசிகளைத் துடைக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். எனவே ஆடுவதற்கு முன்பு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, திரையை ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த பருத்தித் துணியாலும் துடைப்பது பாதிக் குறையைத் தீர்க்கும். மின்கடத்தும் இழை கலந்து நெய்த விரலுறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வியர்க்கும் கைக்கு அவை மிக நன்றாக உதவுகின்றன, காய்ப்பேறிய கைக்கு ஓரளவு உதவுகின்றன.

ஆனால் டெட் செல்ஸ் போன்ற விளையாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடியில் பட்டனுக்கு விளிம்பு கிடையாது. கண் எதிரியின் மேல் இருக்கும்போது, கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டனை விட்டு விலகிப் போவது ஆடுபவனுக்குத் தெரிவதில்லை. அந்த விளையாட்டில் பட்டன்களை நகர்த்தவும் பெரிதாக்கவும் முடியும் என்பதால், உருளும் பட்டனைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். தவறுகள் குறைந்தன; ஆனால் வலது பக்கத்திலிருந்து வரும் எதிரி கட்டைவிரலுக்குக் கீழே மறைந்துபோனான். ஏழு பட்டன்களையும் பெரிதாக்கத் திரையில் இடமும் இல்லை. கேம்பேடில் விரலுக்கு விளிம்பு தட்டுப்படுகிறது, சுட்டுவிரல்களுக்கும் வேலை கிடைக்கிறது, திரை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கவாட்டில் ஓடிக் குதித்து அடிக்கும் விளையாட்டுகளுக்கும், நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டுகளுக்கும் கேம்பேடே சரி என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

"புளூடூத்தில் லேட் ஆகுமே" என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அதை அளந்து பார்ப்பதும் கடினமல்ல. நண்பரின் கைப்பேசியை நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷனில் வைத்து, தம்பியின் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடித்தோம். விரல் பட்டனைத் தொட்டதிலிருந்து பாத்திரம் அசையத் தொடங்கும் வரை எத்தனை படங்கள் கடக்கின்றன என்று எண்ணினால் போதும். ஒரு படம் என்பது ஏறக்குறைய 4 மில்லி நொடி. தொடுதிரையில் 19 முதல் 21 படங்கள் வரை ஆயின. கேம்பேடில் 22 முதல் 25 வரை ஆயின. வேறுபாடு 15 மில்லி நொடி அளவுதான்; 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கு ஆகும் நேரமே 16 மில்லி நொடிக்கு மேல். அதைக் கை ஒரே நாளில் பழகிக்கொண்டது.

அதன் பிறகு, அவன் வழக்கமாக ஆடும் முறையிலேயே, காதில் புளூடூத் இயர்பட்ஸும் வீட்டு வைஃபையும் இயங்கும்போது மறுபடியும் படம் பிடித்தோம். பெரும்பாலான அழுத்தங்கள் பழையபடியே 25 படங்களுக்குள் முடிந்தன. ஆனால் சில 38 ஆயின, ஒன்று 50 படங்கள் வரை போனது. ஐம்பது என்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. எதிரியின் வாள் இறங்குவதற்கு அந்த நேரம் தாராளமாகப் போதும். புளூடூத்தும் பழைய வகை வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. கைப்பேசிக்குள் இருக்கும் புளூடூத் தன் நேரத்தை இயர்பட்ஸுக்கும் கேம்பேடுக்கும் பங்கிட்டுத் தர வேண்டியிருக்கிறது. இடையில் ஒரு செய்தி தவறினால் கேம்பேட் அதை மறுபடியும் அனுப்பும். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் பார்த்தோம். எப்போதும் ஒரே அளவாக இருக்கும் தாமதத்தைக் கை கற்றுக்கொள்ளும். ஒருமுறை சிறிதாகவும் ஒருமுறை பெரிதாகவும் வரும் தாமதத்தைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. வைஃபையை நிறுத்திவிட்டு, வயர் உள்ள இயர்போனை மாட்டியதும் எண்ணிக்கை மீண்டும் 22 முதல் 25 என்ற அளவுக்கே வந்துவிட்டது. கேம்பேடைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் செய்து பாருங்கள். இணையம் தேவைப்படும் விளையாட்டு என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கோ மொபைல் டேட்டாவுக்கோ மாறிக்கொள்ளலாம்.

சுடும் விளையாட்டுகளைப் பற்றி என் கருத்து நேர் எதிரானது. அங்கே பட்டன் அழுத்துவதைவிடக் குறி பார்ப்பதே முக்கியம். கண்ணாடியில் விரலை இழுத்தால், இழுத்த தூரத்துக்கு ஏற்பப் பார்வை திரும்பி, விரல் நின்றதும் நின்றுவிடுகிறது. கேம்பேடின் ஸ்டிக் அப்படி இல்லை. அதைச் சாய்த்தால் பார்வை ஒரு வேகத்தில் திரும்பத் தொடங்கும், சரியான நேரத்தில் விட்டால்தான் நிற்கும். முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டுத் திரும்ப வேண்டியவனுக்கு விரலே விரைவு. கூடவே கைப்பேசியின் சாய்வை உணரும் ஜைரோ இருக்கிறது: பெரிய திருப்பத்தை விரலாலும், கடைசி நூலிழைத் திருத்தத்தைக் கைப்பேசியையே சிறிது சாய்த்தும் செய்கிறார்கள். கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு கேம்பேடைத் தனியாகக் கையில் பிடித்தால் அந்த வசதி போய்விடுகிறது என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள்.

அதோடு, இங்கே அதிகம் பேர் ஆடும் சுடும் விளையாட்டான பி.ஜி.எம்.ஐ. கேம்பேடை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பட்டனைத் திரைத் தொடுதலாக மாற்றித் தரும் செயலிகளைப் போட்டு ஆடினால் கணக்கு முடக்கப்படும் ஆபத்து இருக்கிறது. பல மாதம் சேர்த்த கணக்கை அப்படி இழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கால் ஆஃப் டூட்டி மொபைல் 2019 முதலே கேம்பேடை ஏற்கிறது. ஆனால் கேம்பேட் வைத்திருப்பவர்களைக் கேம்பேட் வைத்திருப்பவர்களோடுதான் சேர்க்கும்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்களுக்கு நம் கரைக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. தம்பிக்கு முதலில் வாங்கிய கேம்பேட் நான்கு மாதத்தில் கெட்டது. மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாலும் பாத்திரம் தானாக இடது பக்கம் நடந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது ஸ்டிக்கின் அடியில் கரித்தடமும் அதன்மேல் உராயும் சிறு உலோகத் தகடும் உள்ள வகை என்பது தெரிந்தது. தகட்டில் பச்சை பூத்திருந்தது, தடத்தில் நுண்மணல் இருந்தது. விளையாட்டின் அமைப்புகளில், ஸ்டிக்கின் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடும் டெட்சோன் அளவைக் கூட்டினால் சில வாரம் ஓட்டலாம். ஆனால் அதற்கு விலையாக ஸ்டிக்கின் மெல்லிய அசைவுகள் பலிக்காமல் போகும். காந்தத்தின் நிலையைத் தொடாமலே அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்; உராய்வு இல்லாததால் மணலும் உப்பும் அதை எளிதில் கெடுப்பதில்லை. கைப்பேசியின் சார்ஜிங் துளையில் செருகும் வகையில் தாமதம் குறைவுதான். ஆனாலும் உப்பேறிக் கறுத்த டைப்-சி துளைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வதிலேயே என் வாரத்தில் ஒரு பகுதி போகிறது என்பதால், கரையோரத்தில் இருப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

தம்பி இப்போது டெட் செல்ஸை ஹால் எஃபெக்ட் கேம்பேடில் ஆடுகிறான். ஆடி முடித்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு அதை வைத்துவிடுகிறான். நண்பர்களோடு பி.ஜி.எம்.ஐ. ஆடும்போது விரலுறையை மாட்டிக்கொண்டு தொடுதிரைக்கே வந்துவிடுகிறான். சென்ற வாரம் அதே Pointer location சோதனையை விரலுறையோடு மறுபடியும் செய்து பார்த்தோம். நான்கு இடங்களில் அறுந்த கோடு ஓரிடத்தில் மட்டும் அறுந்தது.