அத்தை வாசித்த 88-ஆம் சங்கீதம்

என் அத்தை தன் ஒரே மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தபோது அவனுக்கு இருபத்து நான்கு வயது. துக்க வீட்டுக்கு வந்த விசுவாசிகளில் பலர், யோபு சொன்ன "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனத்தைச் சொல்லிவிட்டு, "முறுமுறுக்கக் கூடாது அம்மா, எல்லாம் அவர் சித்தம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அதன் பிறகு ஏறக்குறைய எட்டு மாதங்கள் அத்தை ஜெபிக்கவே இல்லை. கேட்க விரும்பியதைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டால், பேசுவதற்கு அவரிடம் வேறு என்ன இருந்திருக்கும்?

அன்று அந்த வசனத்தைச் சொன்னவர்கள் யோபின் முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். தொடர்ந்து பல அதிகாரங்களுக்குத் தேவனிடமே வழக்காடுகிறார். கடைசியில் கர்த்தர் கோபம்கொள்வது, யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்து தமக்காக வாதாடிய அவருடைய நண்பர்கள்மேல்தான். யோபைப்போல் அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

கடந்த ஆண்டு எங்கள் சபையில், துக்கத்தில் இருப்பவர்களுக்காகப் புலம்பல் சங்கீதங்களைப் பற்றிய வேத ஆய்வு ஒன்றை ஒரு வீட்டில் ஆறு பேரோடு தொடங்கினோம். நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை புலம்பல் வகையைச் சேர்ந்தவை. இருந்தும் ஞாயிறு ஆராதனையில் நாம் அவற்றைக் கேட்பது மிக அரிது.

முதல் வாரம் 13-ஆம் சங்கீதத்தை எடுத்தோம். ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது; அடுத்த இரண்டில் மன்றாட்டு; கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாடலும். இடையில் என்ன நடந்து அந்த மனம் மாறியது என்று சங்கீதம் சொல்வதில்லை. அந்த மாற்றத்துக்கு ஒரு நாள் ஆனதா, பல ஆண்டுகள் ஆயினவா என்பதும் அதில் இல்லை. துக்க வீடுகளில் இதை வாசிக்கும்போது நாம் செய்யும் பெரிய தவறு, முதல் நான்கு வசனங்களை வேகமாகக் கடந்து ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவதுதான். கேட்பவர் இன்னும் இரண்டாம் வசனத்தில் இருக்கிறார். நாமோ அவரைப் பாடச் சொல்கிறோம்.

அதனால் இரண்டாம் வாரம் 88-ஆம் சங்கீதத்துக்குப் போனோம். இதில் அந்தத் திருப்பமே கிடையாது. ஏமான் என்பவரின் பெயரால் வழங்கும் இந்தச் சங்கீதத்தில் மூன்று முறை கூப்பிடுதல் நடக்கிறது: இரவும் பகலும், அனுதினமும், பின்னர் காலையிலே. ஒவ்வொரு முறையும் பதில் இல்லை. நீர் என்னைக் குழியில் வைத்தீர், என் தோழரை என்னைவிட்டு விலக்கினீர் என்று நேருக்கு நேராகவே குற்றம் சாட்டுகிறார். எபிரெய மூலத்தில் இதன் கடைசிச் சொல் "இருள்". தொகுத்தவர்கள் இறுதியில் ஒரு துதி வரியைச் சேர்த்து இதைச் செப்பனிடவில்லை. அப்படியே ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார்கள்.

அப்போது ஒரு பெரியவர், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்களே என்று கேட்டார். நியாயமான கேள்வி. உபாகமம் முதலாம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்த்தோம். அவர்கள் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு, கர்த்தர் நம்மை வெறுத்தார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அங்கே கர்த்தர் படர்க்கையில் இருக்கிறார். ஏமானோ "நீர்", "உம்மை", "உமது" என்று முன்னிலையிலேயே நின்று கேட்கிறார். அவருடைய முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்பது. உறவு அறுந்தவர் இப்படி அழைக்கமாட்டார். நம் ஒப்பாரியிலும் கேள்விகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் இறந்தவரை நோக்கியே எழும். சங்கீதக்காரர் அதே கேள்விகளைத் தேவனிடம் கொண்டுபோகிறார்.

சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கும் முறை அன்று அத்தைக்கு வந்தது. பதினான்காம் வசனத்தில், கர்த்தர் ஏன் முகத்தை மறைக்கிறார் என்ற கேள்வியில் நின்றார். மறுபடியும் அதையே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் அதையே வாசித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஆய்வைத் துக்கம் நடந்த முதல் நாட்களில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் சோறு கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். வாழவே விருப்பமில்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், சங்கீதத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

நான்காம் வாரம் ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் புலம்பலை எழுதினோம்: யாரை அழைக்கிறோம், என்ன குறை, என்ன வேண்டும். துதி வரி வந்தால் எழுதலாம், வராவிட்டால் விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அத்தை ஒரு பக்கம் முழுவதும் குறையை எழுதினார். வேண்டுதல் ஒரே வரிதான்: "அவன் என்னை அம்மா என்று கூப்பிட்ட குரல் எனக்கு மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும்." அதற்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது. அந்தத் தாளை மடித்து, தன் வேதாகமத்தில் 88-ஆம் சங்கீதத்தின் இடையில் வைத்து மூடினார்.