கேள்வியை அல்ல, வகையைக் கணியுங்கள்

“அஞ்சு வருஷ வினாத்தாளைப் பார்த்தா பத்தாம் வகுப்புக் கணக்குல வரப்போற கேள்வியை அப்படியே சொல்லிடலாம்” – கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

தவறு. ஐந்தாறு தாள்கள் மிகச் சிறிய மாதிரி. போன வருடம் வராத கணக்கு இந்த வருடம் வந்தே தீரும் என்று விதியில்லை. எண்களும் மாறும். மாறாமல் வருவது அமைப்பு. 8 மதிப்பெண் வடிவியலையே பாருங்கள்: வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் தந்த முக்கோணம், தொடுகோடு என்று வகைகள் சிலவே.

தொடுகோட்டில் ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 5 செ.மீ. என்று மனப்பாடம் செய்த பிள்ளை, 5, 13 என்று வந்தால் திகைத்துவிடும். மையத்தையும் புள்ளியையும் இணைத்து, மையக்குத்துக்கோடு வரைந்து, இரண்டாம் வட்டம் போடும் படிகள் இரண்டுக்கும் ஒன்றுதான். சரிபார்க்க √(13² − 5²) = 12; அளந்த தொடுகோடும் 12 செ.மீ. இருக்க வேண்டும்.