“த்தா” என்ற சொல் எப்போதும் வசைதானா?

“‘த்தா’ என்று சொன்னாலே எதிரில் இருப்பவரின் தாயை இழுக்கிறார்கள் என்றுதான் பொருள். வேறு விளக்கம் கிடையாது.”

இந்தக் கேள்விக்கு ஒருவர் எழுதிய பதில் இது. ‘ங்கோத்தா’ என்பதன் சுருக்கமே ‘த்தா’ என்பதால், பிறப்பைப் பொறுத்தவரை இது சரி. புழக்கத்தைப் பொறுத்தவரை சரியன்று. வடசென்னைப் பேருந்து நிறுத்தமொன்றில் கொட்டும் மழையைப் பார்த்து ஒருவர் நண்பரிடம் “த்தா, இன்னா மழ மச்சி” என்கிறபோது, அந்த வாக்கியத்தில் ஏசப்படுவதற்கு ஆளே இல்லை. ‘அடேயப்பா’ நிற்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் நிற்கிறது, அவ்வளவுதான். அது அழுத்தமின்றி விழுந்து, இடைவெளியில்லாமல் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்வதையும், பேசுபவரின் கண் மழையின் மேல் இருப்பதையும் கவனியுங்கள். அவரே வேறொருவரை நோக்கித் திரும்பி, “ங்கோத்தா... யார்கிட்ட பேசுற?” என்றால், ‘உங்கள்’ என்பதன் எச்சமான ‘ங்’ திரும்ப வந்துவிடுகிறது, சொல் நீள்கிறது, பிறகு ஒரு நிறுத்தம், அதன்பின் முன்னிலை வினை.

குரலின் ஏற்ற இறக்கமே எல்லாம் என்று இதே கேள்விக்குப் பதில் எழுதிய இன்னொரு நண்பர் பாதி சரி. கோபக் குரலிலும் “த்தா, பஸ்ஸ விட்டுட்டேன்” என்பது யாரையும் சுடாது, ஏனெனில் வினை தன்மையில் இருக்கிறது. முழு வடிவமும் நண்பர்களுக்குள் வெறும் அசைச்சொல்லாக வருவதுண்டு. ஆகவே ‘ங்’ மட்டும் போதிய அடையாளமாகாது.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த புதிதில், ‘த்தா’ என்று சொன்ன அறைத்தோழரிடம் சண்டைக்குப் போனதாக மற்றொருவர் எழுதியிருக்கிறார்; அவரின் காதில் குறையில்லை. அவருக்கு அந்த அசைச்சொல் பழக்கம் இல்லை. சென்னையிலேயே பிறந்த என் அம்மாவுக்கும் அது இன்றுவரை வசையாகவே கேட்கிறது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.