மாதம் 42 காசு

சாத்தூர்ப் பக்கத்தில் காராச்சேவு போட்டு விற்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ போகிறது. பாதி 200 கிராம் பாக்கெட்டாக மளிகைக் கடைகளுக்கும், மீதி சில்லறைச் சரக்காகப் பலகாரக் கடைகளுக்கும் போகும். மூலப்பொருள் விலை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும்போது நம் விற்பனை விலையை எப்போது மாற்றுவது என்று என்னைப் போன்ற சிறு உற்பத்தியாளர்கள் பலரும் கேட்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு முறை, முன்கூட்டியே குறித்த நாளில் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அந்த நாளில் விலையை ஏற்றியே ஆக வேண்டும் என்பதில்லை.

என் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். பத்துக் கிலோ காராச்சேவுக்குக் கடலை மாவு 5 கிலோ, அரிசி மாவு 2 கிலோ, சரக்கு குடிக்கும் எண்ணெய் 3 கிலோ. மாவில் இருக்கும் ஈரம் போய், மிளகாய்த்தூளும் உப்பும் மிளகும் சேர்ந்து பத்துக் கிலோ வந்துவிடும். கடலை மாவு கிலோ 90 ரூபாய், அரிசி மாவு 45, பாமாயில் 110 என்றால் இவை மூன்றுக்கும் 870 ரூபாய் ஆகிறது. மசாலாவுக்கு 60, எரிவாயு, கூலி, மின்சாரத்துக்கு 350, பாக்கெட்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் 120, வேன் வாடகைக்கும் திரும்பி வரும் உடைசலுக்கும் 100 என்று சேர்த்தால் மொத்தம் 1500. கிலோவுக்கு 150 ரூபாய் அடக்கம். கடைக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 170 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். கையில் நிற்பது கிலோவுக்கு 20 ரூபாய், மாதத்துக்கு 40,000.

இப்போது மாதந்தோறும் எண்ணெய் கிலோவுக்கு 3 ரூபாய், கடலை மாவு 2 ரூபாய், அரிசி மாவு 1 ரூபாய் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோவுக்கு 21 ரூபாய், அதாவது ஒரு 200 கிராம் பாக்கெட்டுக்கு 42 காசு. நாற்பத்திரண்டு காசுக்காக யாரும் கடைக்காரரிடம் போய்ப் பேச மாட்டார்கள். அடுத்த மாதமும் அதே 42 காசுதான், அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கிலோவுக்கு 12 ரூபாய் 60 காசு போயிருக்கும், 20 ரூபாய் இருந்த இடத்தில் 7 ரூபாய் 40 காசு நிற்கும். மாதம் 40,000 ரூபாய் வந்த பட்டறையில் அதே ஆட்கள், அதே அடுப்பு, அதே இரண்டாயிரம் கிலோவுக்கு 14,800 ரூபாய் வரும். இதில் எந்த மாதமும் தனியாக நின்று நம்மை எச்சரிக்கவில்லை என்பதுதான் சிக்கல். அதனால்தான் எச்சரிக்கையை விலைவாசியிடம் எதிர்பார்க்காமல் நாள்காட்டியிடம் ஒப்படைக்கச் சொல்கிறேன்.

தேதி வைக்காத காலத்தில் எனக்கு இது வேறு வழியில்தான் தெரிய வந்தது. விற்பனை குறையவில்லை, கடைகளிலிருந்து வர வேண்டிய பணமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, ஆனால் எண்ணெய்க் கடையில் என் பெயரில் நின்ற பாக்கி மட்டும் மாதாமாதம் கொஞ்சம் கூடிக்கொண்டே போயிற்று. லாபத்தில் விழுந்த ஓட்டையை எண்ணெய்க் கடைக்காரரின் கடன் அடைத்துக்கொண்டிருந்தது. இதைவிட மோசமான அறிகுறி அடுப்படியில் தெரிந்தது. விலையை நான் தொடாததால் பட்டறையில் பக்குவத்தைத் தொட ஆரம்பித்திருந்தார்கள். கடலை மாவில் பட்டாணி மாவு கொஞ்சம் கலந்திருந்தது, மாற்ற வேண்டிய எண்ணெய் இன்னும் ஒரு நாள் ஓடியது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, மிச்சப்படுத்துவதாக நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் முடிவு எடுக்க வேண்டிய நான் எடுக்காததால் சரக்கின் தரம் அந்த முடிவை எடுத்துக்கொண்டது.

இப்போது மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கணக்கு நாள். முதலில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்றுதான் வைத்திருந்தேன். தீபாவளி ஆர்டர்கள் செப்டம்பரிலேயே வந்துவிடுவதால் அக்டோபரில் பார்க்கும் கணக்கு கல்யாணம் முடிந்த பிறகு அடிக்கும் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது. உங்கள் தொழிலில் பெரிய ஆர்டர்கள் எந்த மாதம் உறுதியாகின்றன என்று பார்த்து, அதற்கு முன்னால் ஒரு கணக்கு நாள் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் செய்யும் வேலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. அடக்கத்தை அன்றைய கொள்முதல் விலையில் போட வேண்டும், கிடங்கில் இருக்கும் சரக்கை வாங்கிய விலையில் போடக் கூடாது. எண்ணெய் டின் போன மாதம் 1650 ரூபாய்க்கு வாங்கியதாக இருக்கலாம், ஆனால் அது தீர்ந்ததும் நான் வாங்கப்போவது இன்றைய விலையில்தான். பழைய விலையில் கணக்குப் போட்டால் ஏறும் சந்தையில் எப்போதும் லாபம் இருப்பதாகவே தோன்றும். விருதுநகர் சந்தையின் விலை நிலவரம் பத்திரிகையில் வருவதால் எண்ணெய்க்கும் பருப்புக்கும் இது சிரமமே இல்லை.

அடுத்ததாக எடை. ஒரு கணக்கு நாளில் ஐம்பது பாக்கெட்டுகளை எடுத்துத் தராசில் வைத்தோம். 200 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டில் சராசரியாக 206 கிராம் இருந்தது. குறைந்தால் எடையளவுச் சட்டத்தில் தண்டனை உண்டு என்று பயந்து கை கூடுதலாகவே போட்டிருக்கிறது. 6 கிராம் என்பது 3 சதவீதம், அதாவது கிலோவுக்கு நாலரை ரூபாய். எண்ணெயும் மாவும் சேர்ந்து இரண்டு மாதத்தில் ஏறுவதைவிட அது அதிகம். அந்த முறை விலையில் கை வைக்காமல் தராசைச் சரி செய்தோம். தேதி என்று ஒன்று இல்லையென்றால் அந்த ஐம்பது பாக்கெட்டுகளை யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகுதான் விலை. இங்கே சில்லறைச் சரக்கும் பாக்கெட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பலகாரக் கடைக்குக் கிலோக் கணக்கில் போகும் சரக்குக்கு மூன்று மாதத்தில் ஏறிய 6 ரூபாய் 30 காசில் 6 ரூபாயை அப்படியே ஏற்றலாம். அவர்களும் அதே எண்ணெயைத்தான் வாங்குகிறார்கள், ஆகையால் வாதம் இல்லை. பாக்கெட்டில் அந்த ஏற்றம் ஒரு ரூபாய் 26 காசு. 45 ரூபாய் பாக்கெட்டை 46 ரூபாய் 26 காசுக்கு விற்க முடியாது, 47 என்று போட்டால் சில்லறை தேடும் கடைக்காரர் நம் பாக்கெட்டைப் பின் வரிசைக்குத் தள்ளிவிடுவார். பாக்கெட் 45-இலிருந்து 50-க்குத்தான் தாண்டும். கடைக்காரரின் பங்கையும் 5 சதவீத ஜிஎஸ்டியையும் கழித்தால் அந்த ஐந்து ரூபாயில் எனக்கு வருவது பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 78 காசு, கிலோவுக்குப் பத்தொன்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆகவே டிசம்பரில் தொடங்கிய ஏற்றத்துக்கு மார்ச்சில் 50 ஆக்கினால் ஏறியதைப்போல மூன்று மடங்கு வாங்குகிறேன், வாடிக்கையாளர் விலகுவார். ஜூனில் ஆக்கினால் ஏறிய 12 ரூபாய் 60 காசுக்கும், செப்டம்பர் வரை ஏறப்போகும் 6 ரூபாய் 30 காசுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கிறது. மார்ச் மாதக் கணக்கில் பாக்கெட்டுக்கு நேரே ‘மாற்றம் இல்லை, ஜூனில் 50’ என்று எழுதி வைப்பதும் ஒரு முடிவுதான். அப்படி எழுதியிருப்பதால் ஜூன் வரையிலான குறைவு தெரிந்தே தாங்கும் குறைவாகிறது.

முன்கூட்டியே எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டச் சட்டம் இடம் கொடுக்காது, குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம். பாக்கெட் உறையிலேயே விலையை அச்சடிக்கக் கொடுப்பவர்கள் பழைய உறை தீரும்வரை பழைய விலையில்தான் விற்க வேண்டியிருக்கும். நான் இப்போது விலைக்கான இடத்தை வெறுமையாக விட்டு உறை அடித்து, பேக்கிங் நாளில் தேதியோடு சேர்த்து விலையையும் கிராம் ஒன்றுக்கான விலையையும் பதிக்கிறேன். அப்போதும் கடைகளில் ஏற்கெனவே இருக்கும் பாக்கெட்டுகள் பழைய விலையில் தீர மூன்று வாரம் ஆகிறது. கடைக்காரர்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை சொன்னபோது பழைய வாடிக்கையாளரான ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி, “ஏத்துறதப் பத்திக் கவலை இல்ல தம்பி, எப்ப ஏத்துவீங்கன்னு தெரியாம இருந்துச்சு பாருங்க, அதுதான் சங்கடம்” என்றார்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு, அதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். 2024 செப்டம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்த்து, தீபாவளிக்கு விலை சொல்லி, ஆர்டரும் வாங்கிவிட்டேன். செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. கூடுதல் வரிகளோடு சேர்த்தால் 5.5 சதவீதமாக இருந்தது 27.5 சதவீதம் ஆயிற்று. எண்ணெய் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினாலே காராச்சேவு கிலோவுக்கு 6 ரூபாய் ஏறும். மூன்று மாதத்தில் ஊர்ந்து வர வேண்டியது ஒரே வாரத்தில் வந்து நின்றது, நானோ வாக்குக் கொடுத்த விலையில் தீபாவளிச் சரக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொண்டேன். எண்ணெய் விலை கடைசிக் கணக்கு நாளிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அடுத்த ஞாயிறே கணக்கைத் திறப்போம். பண்டிகை ஆர்டருக்குச் சொல்லும் விலை பதினைந்து நாளுக்கு மட்டும் செல்லும், அதற்குள் முன்பணம் வந்தால் அந்தப் பணத்தில் அன்றே எண்ணெய் வாங்கி வைத்துவிடுவோம்.

‘எந்தப் பக்கம் நகர்ந்தாலும்’ என்பதைத் தெரிந்தேதான் சேர்த்தேன். 2025 மே மாதக் கடைசியில் அதே கச்சா எண்ணெய் வரி 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கணக்கு நாளும் ஜூன் முதல் ஞாயிறாக அடுத்தே இருந்தது. குறைப்பின் பலன் என் கொள்முதல் விலைக்கு வந்து சேர்ந்த பிறகு சில்லறைச் சரக்கில் கிலோவுக்கு 3 ரூபாய் குறைத்தேன். உடனிருந்த என் மைத்துனர், யாரும் கேட்காமல் எதற்குக் குறைக்க வேண்டும் என்று கடுமையாகச் சண்டை போட்டார். ஏறும்போது எண்ணெய் விலையைக் காட்டிப் பேசுகிறவன் இறங்கும்போது பேசாமல் இருந்தால், அடுத்த முறை அந்தக் கணக்குத் தாளை யார் நம்புவார்கள் என்று கேட்டேன். அவருக்கு இன்னும் சமாதானமாகவில்லை. டிசம்பர் கணக்கு நாளில் அதே பலகாரக் கடைக்காரர்களிடம் 4 ரூபாய் ஏற்றிச் சொன்னபோது தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் ஒருவர்தான், அவரும் கடலை மாவின் விலையை மட்டும் சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.