மீடியன் எல்லாத்துக்கும் பொருந்தாது

"தினசரி தானியங்கி அறிக்கையில சராசரியைத் தூக்கிட்டு எல்லா இடத்துலயும் மீடியன் போடுங்க, அதுதான் உண்மையைச் சொல்லும்."

டெலிவரி நேரத்துக்கு நீங்க சொல்றது பாதி சரி. 28, 30, 31, 32, 33, 35, 36, 38, 187 நிமிடம்னு ஒன்பது டெலிவரி. சராசரி 50, ஆனா 50 நிமிடத்துக்குப் பக்கத்துல ஒருத்தருக்கும் வரலை. வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற எண்தான் மீடியன்; இங்க அது 33, நியாயமான எண். ஆனா அந்த 187 அடுத்த நாள் 300 ஆனாலும் மீடியன் அசையாது. மூணு மணி நேரம் காத்திருந்தவர் அறிக்கையிலேயே இல்லை. அதனால பத்துல ஒன்பது டெலிவரி எத்தனை நிமிடத்துக்குள்ள முடிஞ்சதுன்னும் பக்கத்துல போடணும்.

ஆர்டர் மதிப்புல உங்க யோசனை நிஜமாவே ஆபத்து. 200, 250, 300, 350, 1900 – மொத்தம் 3000. சராசரி 600, ஐந்தால பெருக்கினா விற்பனை சரியா வருது. மீடியன் 300ஐப் பெருக்கினா 1500தான், பாதி வருமானம் காணாமப் போகுது. பட்ஜெட் போடுறவர் இதை நம்பினா என்ன ஆகும்?

இந்த விவாதத்துல இன்னொருத்தர் ஏழு நாள் மீடியனைக் கூட்டி ஏழால வகுக்கிறதா சொன்னார். அது வார மீடியன் ஆகாதுங்க, மூல ஆர்டர்கள்லேர்ந்து மறுபடி கணக்கிடணும். ரத்தான ஆர்டரை நேரக் கணக்குல எப்படிச் சேர்க்கிறதுன்னு எங்க டீம்லயே இன்னும் வாதம் ஓடுது.