முப்பத்தொன்றை நான்கால் வகுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் குழுவில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் என் கர்ப்பம் 31+4, அதாவது முப்பத்தொரு வாரமும் நான்கு நாளும், என்று இருந்தது. ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது என்று நான் சொன்னேன். அத்தை முப்பத்தொன்றை நான்கால் வகுத்து, எட்டு மாதம் நிறையப் போகிறது, ஒன்பதுக்கு ஒரே மாதம்தான் இருக்கிறது, இதை ஏன் எங்களிடம் மறைக்கிறாய் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்துக்கொண்டு செய்த கணக்கு அது, அந்தக் கணக்கு தவறு.

பிப்ரவரியைத் தவிர வேறு எந்த மாதமும் நான்கு வாரத்தில் முடிவதில்லை. ஒவ்வொரு மாதத்திலும் நான்கு வாரம் போக இரண்டு அல்லது மூன்று நாள் மிஞ்சுகிறது, ஏழெட்டு மாதம் கடப்பதற்குள் அந்த மிச்சமே இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. என் கணக்கையே நாள் நாளாக எண்ணிப் பாருங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாள் மார்ச் 5. அக்டோபர் 5 அன்று ஏழு மாதம் முடிந்தது. ஞாயிறு அக்டோபர் 12, ஆகவே ஏழு மாதமும் ஏழு நாளும். மார்ச் 5 முதல் அன்று வரை 221 நாள் ஆகிறது, அதை ஏழால் வகுத்தால் முப்பத்தொரு வாரமும் நான்கு நாளும் வருகிறது. மருத்துவர் எழுதியதும் நான் சொன்னதும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. (31+4 என்பதை 31.4 என்று படித்தவர்களும் இருந்தார்கள். அந்த 4 புள்ளிக்குப் பின்னால் வரும் எண் அன்று, நான்கு நாள்.)

அப்படியானால் பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று ஏன் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து பிரசவத் தேதி வரையுள்ள 280 நாளை இருபத்தெட்டு நாள் மாதங்களாகப் பிரித்தால் சரியாகப் பத்து வருகிறது. நாட்காட்டி மாதங்களாகப் பிரித்தால் ஒன்பது மாதமும் சில நாட்களும் வருகிறது. இரண்டும் சரியான அளவுகள்தாம், ஆனால் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிக்கக் கூடாது. அத்தை செய்தது அதுதான். இதுவரை ஆனதை இருபத்தெட்டு நாள் மாதத்தால் அளந்து எட்டு என்றார்கள். முடிவை நாட்காட்டி மாதத்தால் அளந்து ஒன்பது என்றார்கள். இடையில் ஒரு மாதம் மீதி என்று தோன்றியது. எனக்குக் குறித்திருக்கும் தேதி டிசம்பர் 10. ஞாயிற்றிலிருந்து எட்டு வாரமும் மூன்று நாளும் மீதி இருந்தது, அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம். எந்த அளவுகோலை எடுத்தாலும் இரண்டு மாதம்தான் மீதி வரும், இரண்டையும் கலந்தால் மட்டுமே அது ஒரு மாதமாகச் சுருங்குகிறது.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. எட்டு மாதம் என்று ஒருவர் சொன்னால் எட்டு முடிந்ததா, எட்டு நடக்கிறதா என்பது அதில் இல்லை, இரண்டுக்கும் இடையில் முப்பது நாள் வித்தியாசம் வரலாம். எட்டு நடக்கிறது என்று நான் சொன்னதை எட்டு ஆகிவிட்டது என்று ஒருவர் அடுத்தவரிடம் சொல்ல, அவர் ஒன்பது பிறக்கப் போகிறது என்று கேட்டுக்கொள்ள, இரண்டே வாயில் ஒரு மாதம் கூடிவிடுகிறது. அதனால்தான் முடிந்தது, நடக்கிறது என்ற சொற்களை நான் விடாமல் சேர்த்துச் சொல்கிறேன். அது பூசி மெழுகுவதற்காக அன்று.

ஒரு வாரம் முன்னே பின்னே போனால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

என் மூத்த மகன் 36+2 இல் பிறந்தான். பிறந்தவுடன் மூச்சு வேகமாக வாங்கியதால் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் வைத்தார்கள். முப்பத்தேழு வாரம் நிறையாத குழந்தை குறைமாதக் குழந்தை என்பது மருத்துவக் கணக்கு. நாட்காட்டிப்படி பார்த்தாலும் எட்டு மாதமும் பத்து நாளும்தான் ஆகியிருந்தன. ஆனால் வெளியே நின்றிருந்த உறவினர்கள் முப்பத்தாறை நான்கால் வகுத்தார்கள், சுளையாக ஒன்பது வந்தது. நிறைமாதக் குழந்தையை ஏன் உள்ளே வைத்திருக்கிறார்கள், நீ என்ன சாப்பிட்டாய், எங்கே விழுந்தாய், எதைச் சொல்லாமல் விட்டாய் என்று நான்கு நாளும் என்னிடமே கேட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்து குழிந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, வகுத்தல் கணக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நிறைமாதம் ஆகவில்லை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அத்தை நவம்பர் 12 க்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்கள், அதற்குள் பிள்ளை வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நாளில் எனக்கு 36+0. மற்றவர்களுக்கு அது வருகையின் தேதி, எனக்கு அது எப்படியாவது கடந்துவிட வேண்டிய தேதி.

வாரக் கணக்கெல்லாம் அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள் என்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. மருத்துவர் பார்க்கிறார், ஸ்கேனில் பார்க்கிறார்கள், எந்த வாரத்தில் எந்தச் சோதனை என்பது அதை வைத்துத்தான் முடிவாகிறது. தொடக்க கால ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றி எழுதியிருந்தால் மாதவிலக்குத் தேதியைக் கூட விட்டுவிட்டு, அந்தப் புதிய பிரசவத் தேதியிலிருந்து 280 நாள் பின்னால் போய் எண்ண வேண்டும். டிசம்பர் 10 அன்றே பிறக்கும் என்று நானும் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் குறித்த நாளில் பிறப்பதில்லை.

ஆனால் தவறான எண்ணிக்கை பெண்ணின் மீது பழியாக வந்து விழுவதை நான் பார்த்திருக்கிறேன். என் தோழிக்குத் திருமணமாகி ஐந்து வாரத்தில் ஏழு வாரம் என்று சீட்டில் எழுதினார்கள். வீட்டில் ஒருவர் விரல் விட்டு எண்ணினார், பிறகு இரண்டு நாள் அவளுடன் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கருத்தரிப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தையும் சேர்த்துத்தான் மருத்துவர்கள் எண்ணுகிறார்கள், ஏனென்றால் மாதவிலக்கு வந்த நாள் நினைவில் இருக்கும், கரு உருவான நாள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஐந்தும் இரண்டும் ஏழு. இதைச் சொல்ல அவளுக்கு அங்கே ஒருவர் கூட இல்லை. சந்தேகப்படுவதற்கு முன் கேட்டிருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, என்னிடமும் கேட்டிருக்கலாம்.

இன்று அக்டோபர் 15, 32+0. எட்டு நிறைந்துவிட்டது பார்த்தாயா என்று காலையிலேயே அத்தையிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ஏழு மாதமும் பத்து நாளும், இன்னும் எட்டு வாரம் முழுதாக இருக்கிறது அத்தை, பயணச்சீட்டை டிசம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.