களக்காட்டில் சிக்னல் போனால் லாகினும் போகணுமா?

பயனரை அடிக்கடி வெளியே தள்ளுகிற ஆப்தான் பாதுகாப்பானது என்று நம்ம சாஃப்ட்வேர் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடிபி கேட்டால், யார் கேட்டாலும் அதை வாசித்துச் சொல்லும் பழக்கம்தான் ஜனங்களுக்கு வரும்.

களக்காடு பக்கம் வாழைத்தார் கொள்முதல் கணக்குக்கு ஒரு ஆப் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்திலேயே தாரை எண்ணி, விலையைப் பதிந்துவிடலாம். மலையடிவாரம், டவர் வரும், போகும். மண்டி அண்ணாச்சி என்னிடம் சொன்னது இதுதான்: “தம்பி, வயக்காட்டுக்குள்ள போனாலே வெளிய தள்ளிருது. திரும்ப ஓடிபி கேக்கு. அங்க டவரே கெடயாது, ஓடிபி எப்படி வரும்?”

எழுதிய குழு உடனே சொன்ன வழி, ஒவ்வொரு கோரிக்கையோடும் ஆப் காட்டும் அனுமதிச் சீட்டான ஆக்சஸ் டோக்கனின் ஆயுளை 15 நிமிடத்திலிருந்து 30 நாளாக ஏற்றிவிடலாம் என்பது. புகார் நிற்கும், சரி. ஆனால் ஜேடபிள்யூடி என்ற, சர்வரே கையெழுத்திட்டுத் தரும் வகை ஆக்சஸ் டோக்கனை சர்வர் டேட்டாபேஸில் தேடிப் பார்ப்பதில்லை. கையெழுத்தும் காலக்கெடுவும் சரியாக இருந்தால் உள்ளே விட்டுவிடும். போன் தொலைந்தால் எடுத்தவன் கையில் அந்த 30 நாளும் கணக்கு திறந்தே கிடக்கும். அதனால்தான் அதன் ஆயுள் குறைவாக இருக்க வேண்டும். நீண்ட நாள் உள்ளே வைத்திருக்கும் வேலை, ஆக்சஸ் டோக்கன் முடிந்ததும் புதியது வாங்கித் தரும் ரெஃப்ரெஷ் டோக்கனுடையது. அது ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தொடுவதால், நினைத்த நேரத்தில் ரத்து செய்யலாம்.

அப்படியானால் கோளாறு எங்கே? இந்த ஆப் ரெஃப்ரெஷ் டோக்கனை ஒரு முறைதான் பயன்படுத்த விடும். கொடுத்ததும் புதிது தரும். பழையது மறுபடி வந்தால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு, அந்த லாகினில் பிறந்த எல்லா ரெஃப்ரெஷ் டோக்கனையும் ரத்து செய்துவிடும். நல்ல ஏற்பாடுதான். டோக்கன் பாதுகாப்புக்கு வழிகாட்டியாக 2025-இல் வந்த ஆர்எஃப்சி 9700 ஆவணமும், போன் ஆப் மாதிரி ரகசியச் சாவி வைக்க முடியாத இடங்களுக்கு இதைத்தான் ஒரு வழியாகச் சொல்கிறது.

தோட்டத்தில் நடந்தது இது. 10 மணிக்கு லாகின். 10:16-க்கு ஆக்சஸ் டோக்கன் காலாவதி, சர்வர் 401, அதாவது அனுமதி செல்லாது, என்கிறது. ஆப் முதல் ரெஃப்ரெஷ் டோக்கனை அனுப்புகிறது. சர்வர் அதைச் செல்லாததாக்கி இரண்டாவதை அனுப்புகிறது. அந்தப் பதில் வருவதற்குள் டவர் போய்விட்டது. போனில் இருப்பது இன்னும் முதல் டோக்கன்தான். 10:20-க்கு சிக்னல் வந்ததும் அதையே அனுப்ப, சர்வர் “திருடன்” என்று முடிவு கட்டுகிறது. சர்வர் லாகை எடுத்துப் பார்த்தாலே தெரியும்: புதிது கொடுத்த சில நிமிடத்தில், அதே போனிலிருந்து பழையது வந்திருக்கும், கொடுத்த புதிது ஒரு முறைகூடப் பயன்பட்டிருக்காது.

பலர் இதற்கு 30 விநாடி சலுகை வைப்பார்கள். நகரத்துக்குப் போதும், நாலு நிமிடம் டவர் போகும் தோட்டத்துக்குப் போதாது. என் கட்சி, விநாடியை எண்ணாமல், கொடுத்த புதிய டோக்கன் பயன்பட்டதா என்று பார்ப்பது. இரண்டாவது இன்னும் பயன்படாத நிலையில் முதலாவது திரும்ப வந்தால், இரண்டாவதை ரத்து செய்து மூன்றாவதைக் கொடு. இரண்டாவது பயன்பட்ட பிறகு முதலாவது வந்தாலோ, ரத்தான இரண்டாவது வந்தாலோ, எல்லாவற்றையும் ரத்து செய்.

திருடனுக்கு இது வழிவிடாதா? அவன் முதலாவதைத் திருடி மூன்றாவதை வாங்கிவிட்டான் என்று வைப்போம். அண்ணாச்சியின் போன் கொஞ்ச நேரத்தில் ரத்தான இரண்டாவதோடு வரும். அது வந்த உடனே குட்டு உடையும், கையிலிருக்கும் ஆக்சஸ் டோக்கன் முடிந்ததும் இருவருமே வெளியே. அண்ணாச்சி ஒரு வாரம் ஆப்பைத் திறக்கவே இல்லையென்றால் மட்டும் திருடன் அதுவரை சுகமாக இருப்பான். அதற்காகத்தான், எத்தனை முறை புதுப்பித்தாலும் லாகின் ஆன நாளிலிருந்து 30 நாளில் கட்டாயம் முடிகிற ஒரு கெடுவும் தனியாக வேண்டும். வங்கி விவரம் மாற்றுவது மாதிரி காரியத்துக்கு அந்த இடத்தில் ஓடிபி கேட்கலாம். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு போனில் ஒரு ஒழுங்கு இருந்தால்தான் நிற்கும். ஒரே திரையில் மூன்று கோரிக்கை ஒன்றாக 401 வாங்கினால், மூன்றும் தனித்தனியே புதுப்பிக்கக் கிளம்பக் கூடாது. பதில்கள் முன்பின்னாக வந்தால், ரத்தான டோக்கன் போனில் கடைசியாகச் சேமிக்கப்பட்டு அடுத்த முறை மாட்டிக்கொள்ளும். ஒன்று போகட்டும், மற்றவை காத்திருக்கட்டும். புதிய டோக்கனை முதலில் போனில் எழுதிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, அந்த ஆப்பிலேயே பார்த்தது: டைம்அவுட் ஆனாலும், இப்போதைக்கு முடியாது என்று சர்வர் 503 சொன்னாலும் டோக்கனை அழித்துவிட்டு லாகின் பக்கத்துக்குப் போய்விடும். இந்த டோக்கன் செல்லாது என்ற பொருளில் `invalid_grant` என்று சர்வர் வாயால் சொன்னால் மட்டும் அழியுங்கள். மற்ற நேரத்தில் தார்க் கணக்கைப் போனிலேயே வைத்திருந்து, டவர் வந்ததும் அனுப்பினால் போதும்.